அலுமினிய வளையம் துள்ளுவது ஏன்? தள்ளலுக்கும் இழுப்புக்கும் இடையே ஒன்றரை மில்லி விநாடி

மதுரை, மேலூர், திருமங்கலம் வட்டாரப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடக்கும் நாட்களில் துள்ளும் வளையத்தை அடிக்கடி பார்க்கலாம். ஒரு கம்பிச்சுருள், அதன் நடுவில் நிமிர்ந்து நிற்கும் இரும்புத் தண்டு, தண்டில் மாட்டிய அலுமினிய வளையம். பொத்தானை அழுத்தினால் 'டப்' என்று வளையம் மேலே பறக்கிறது. பக்கத்தில் நிற்கும் மாணவி, "லென்ஸ் விதிப்படி வளையத்தில் எதிர்த்திசையில் மின்னோட்டம் உண்டாகிறது, அதனால் விலகிப் பறக்கிறது" என்று தடுமாறாமல் சொல்லி முடிப்பார்.

நடுவராக வந்திருக்கும் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் அங்கே கேட்கக்கூடிய கேள்வி இது: "வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்குகிறதே. ஏறும்போது வளையம் தள்ளப்படும், சரி. இறங்கும்போது அதே விதிப்படி இழுக்கப்பட வேண்டுமே அம்மா, ஏன் இழுக்கப்படவில்லை?" மாணவி திகைத்து நிற்பார். தவறு அவருடையது அன்று. பெரும்பாலான இடங்களில் சொல்லித் தரப்படும் விளக்கமே பாதியில் நின்றுவிடுகிறது. மீதிப் பாதியைத்தான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

கருவியில் என்ன இருக்கிறது

மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டால் சில நூறு சுற்றுகள் கொண்ட சுருளை ஒரு நாளில் சுற்றித் தருவார்கள். நடுவில் இருக்கும் தண்டு சுருளுக்கு மேலே பத்து சென்டிமீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது ஒரே பாளமாக இல்லாமல், மெல்லிய தேனிரும்புக் கம்பிகளைக் கட்டாகக் கட்டியதாகவோ டிரான்ஸ்பார்மர் தகடுகளை அடுக்கியதாகவோ இருப்பது நல்லது. வளையம் என்பது அலுமினியக் குழாயில் இருந்து அறுத்து எடுத்த ஒரு துண்டு. அது தண்டில் உரசாமல் எளிதாக ஏறி இறங்க வேண்டும்.

வளையத்துக்கும் சுருளுக்கும் இடையே எந்தக் கம்பி இணைப்பும் இல்லை. அலுமினியத்தைக் காந்தம் கண்ணுக்குத் தெரியும்படி ஈர்ப்பதும் இல்லை. ஆகவே வளையத்தைத் தூக்குவது அதற்குள்ளேயே பிறக்கும் மின்னோட்டம்தான்.

இதை முதலில் பெரிதாக ஆராய்ந்து காட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் எலிஹு தாம்சன். 1887இல் மாறுதிசை மின்னோட்டத்தின் இந்த விலக்கு விசை பற்றி அவர் விளக்கினார். வெளிநாட்டு ஆய்வகங்களில் இன்றும் இதைத் தாம்சன் வளையம் என்றே சொல்கிறார்கள்.

தேவைப்படும் மூன்று சொற்கள்

1. காந்தப்பாயம்: வளையத்தின் ஓட்டை வழியாகச் செல்லும் மொத்தக் காந்தப்புலத்தின் அளவு. இரும்புத் தண்டு இருப்பதால் சுருளின் புலம் சிதறாமல் பெருமளவு வளையத்தின் ஓட்டை வழியாகவே மேலேறுகிறது.

2. மின்னியக்கு விசை: காந்தப்பாயம் மாறும்போது வளையத்தில் தூண்டப்படும் வோல்ட் அளவு. பாயம் எவ்வளவு பெரியது என்பது இங்கே கணக்கில்லை, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே கணக்கு. பாயம் உச்சத்தில் நிற்கும் கணத்தில் மாற்றம் இல்லை, ஆகவே மின்னியக்கு விசையும் சுழி. 1831இல் ஃபாரடே கண்டறிந்தது இது.

3. லென்ஸ் விதி: தூண்டப்படும் மின்னியக்கு விசை, பாயத்தில் நேரும் மாற்றத்தை எதிர்க்கும் திசையில்தான் மின்னோட்டத்தைச் செலுத்தப் பார்க்கும். 1834இல் லென்ஸ் சொன்னது. 'மாற்றத்தை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அது காந்தப்புலத்தையே எதிர்ப்பதாகச் சொல்லிவிடும்போதுதான் விளக்கம் வழி தவறுகிறது.

இவற்றோடு ஒரு பழைய உண்மையையும் சேர்த்துக்கொள்ளலாம். அருகருகே உள்ள இரண்டு சுற்றுகளில் மின்னோட்டம் ஒரே திசையில் ஓடினால் அவை ஈர்த்துக்கொள்ளும். எதிரெதிர்த் திசையில் ஓடினால் விலக்கிக்கொள்ளும்.

பேட்டரியில் லென்ஸ் விதியே போதும்

சுருளை ஒரு பெரிய பேட்டரியோடு இணைத்துப் பொத்தானை அழுத்தினால் சுருளில் மின்னோட்டம் சுழியில் இருந்து ஏறி ஒரு அளவில் நின்றுவிடும். ஏறும் அந்தச் சிறு நேரத்தில் வளையத்துக்குள் பாயம் கூடுகிறது. கூடுவதை எதிர்க்க, வளையத்தில் சுருளுக்கு எதிர்த்திசையில் மின்னோட்டம் ஓடுகிறது. விலக்கு விசை பிறந்து வளையம் ஒரு சிறு துள்ளல் துள்ளும். பிறகு மின்னோட்டம் நிலையாகிவிடுகிறது, மாற்றம் எதுவும் இல்லை, வளையம் தன் எடையால் கீழே வந்து உட்கார்ந்துவிடும்.

இப்போது பொத்தானை விடுங்கள். பாயம் குறைகிறது. குறைவதை எதிர்க்க வளையத்தின் மின்னோட்டம் சுருளின் திசையிலேயே ஓடும். அந்தக் கணத்தில் வளையம் சுருளை நோக்கி இழுக்கப்படும். அது ஏற்கெனவே சுருளின் மேல் உட்கார்ந்திருப்பதால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. பொத்தானை விடும்முன் வளையத்தைத் தண்டின் பாதி உயரத்தில் இரண்டு விரல்களால் லேசாகத் தாங்கிப் பிடித்திருந்தால், விட்ட கணத்தில் கீழ்நோக்கி ஒரு வெடுக்கென்ற இழுப்பை விரலில் உணரலாம். இந்த இழுப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவரின் கேள்வி இதைப் பற்றியதுதான்.

வீட்டு மின்சாரத்தில் அந்த விளக்கம் உடைவது எப்படி

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லி விநாடி. அதை 5 மில்லி விநாடி கொண்ட நான்கு துண்டுகளாக வெட்டிப் பார்ப்போம். வளையத்துக்கு மின்தடை மட்டுமே இருக்கிறது, மின்னியக்கு விசை சொன்ன கணமே மின்னோட்டம் பணிந்து ஓடுகிறது என்று தற்காலிகமாக வைத்துக்கொள்வோம்.

1. முதல் 5 மில்லி விநாடி: பாயம் மேல்நோக்கிக் கூடுகிறது. வளையத்தின் மின்னோட்டம் சுருளுக்கு எதிர்த்திசையில். தள்ளல்.

2. அடுத்த 5: பாயம் உச்சத்தில் இருந்து இறங்குகிறது. வளையத்தின் மின்னோட்டம் சுருளின் திசையில். இழுப்பு.

3. அடுத்த 5: பாயம் கீழ்நோக்கித் திரும்பிக் கூடுகிறது. மீண்டும் தள்ளல்.

4. கடைசி 5: அது சுழிக்கு இறங்குகிறது. மீண்டும் இழுப்பு.

தள்ளலும் இழுப்பும் நேரத்திலும் வலுவிலும் அச்சு அசலாகச் சமம். சராசரி சுழி. இந்தக் கணக்கு மட்டும் உண்மையானால் வளையம் இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்க வேண்டும், பறக்க வழியே இல்லை.

சிலர் இங்கே ஒரு குறுக்கு வழி தேடுவார்கள்: முதல் தள்ளலிலேயே வளையம் தப்பித்துப் பறந்துவிடுகிறது, இழுப்பு வருவதற்குள் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது என்பார்கள். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க உதவும் வேரியாக் என்ற கருவி வழியாகச் சுருளுக்கு மின்சாரம் கொடுத்து, வோல்டேஜைச் சுழியில் இருந்து மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் வளையம் சுருளை விட்டு எழும்பி, தண்டின் நடுவில் எதையும் தொடாமல் அந்தரத்தில் மிதந்து நிற்கும். நிமிடக்கணக்கில் அப்படியே நிற்கும். திடீரென்று போட்ட மின்சாரம் எதுவும் இங்கே இல்லை, தப்பித்துப் போகவும் இல்லை. ஆயிரக்கணக்கான சுழற்சிகள் கடந்தும் வளையத்தின் எடையைத் தாங்கும் அளவுக்கு ஒரு நிகர விசை மேல்நோக்கி இருந்துகொண்டே இருக்கிறது. ஆகவே தள்ளலும் இழுப்பும் சமம் இல்லை. ஏன் சமம் இல்லை?

வளையத்தின் மின்னோட்டம் பின்தங்குகிறது

விடை, நாம் தற்காலிகமாக ஒதுக்கி வைத்த ஒன்றில் இருக்கிறது. வளையத்துக்கு மின்தடை மட்டும் இல்லை, தன்மின்தூண்டலும் இருக்கிறது. வளையத்தில் ஓடும் மின்னோட்டம் தானே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ போனால் அந்தப் புலமும் மாற வேண்டும், அந்த மாற்றமும் எதிர்க்கப்படும். விளைவாக, மின்னியக்கு விசை திசை மாறிய பிறகும் மின்னோட்டம் சிறிது நேரம் பழைய திசையிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் தள்ளுவண்டி தள்ளுபவர்களைப் பார்த்தால் இது புரியும். காலி வண்டியைக் கரடுமுரடான தரையில் முன்னும் பின்னும் தள்ளினால், கை போகும் பக்கம் வண்டி உடனே போகும், கையை நிறுத்தினால் நின்றுவிடும். அதே வண்டியில் பூ மூட்டைகளை நிறைய ஏற்றி வழுவழுப்பான தரையில் தள்ளிவிட்டுப் பின்னால் இழுத்தால், இழுக்க ஆரம்பித்த பிறகும் அது சற்று முன்னே போய்விட்டுத்தான் திரும்பும். தரையின் உரசல் மின்தடையைப் போன்றது, மூட்டைகளின் எடை தன்மின்தூண்டலைப் போன்றது. உரசல் குறைந்து எடை கூடினால் பின்தங்கல் கூடும்.

மின்னியலில் இந்தப் பின்தங்கலைக் கட்ட வேறுபாடு என்று டிகிரியில் சொல்வார்கள். முழுச் சுழற்சி 360 டிகிரி. ஆக 18 டிகிரி என்றால் 1 மில்லி விநாடி.

ஒரு வளையத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

சராசரி விட்டம் 4 செ.மீ., உயரம் 1 செ.மீ., சுவர்த் தடிமன் 3 மி.மீ. கொண்ட அலுமினிய வளையத்தை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 10 கிராம். சுற்றளவும் குறுக்குப் பரப்பும் தெரிந்தால் மின்தடை கிடைத்துவிடும்: சுமார் 0.12 மில்லி ஓம். இரும்புத் தண்டின் மேல் மாட்டியிருக்கும்போது அதன் தன்மின்தூண்டல் 50 ஹெர்ட்ஸில் தரும் எதிர்ப்பு, அதாவது மின்மறுப்பு, 0.06 மில்லி ஓம் அளவில் இருக்கும். இது தண்டின் நீளத்தையும் இரும்பின் தரத்தையும் பொறுத்து மாறும். கணக்குக்கு இதையே வைத்துக்கொள்வோம்.

மின்மறுப்பு மின்தடையில் பாதி. அப்படியானால் கட்ட வேறுபாடு சுமார் 27 டிகிரி, அதாவது 1.5 மில்லி விநாடி. இந்த ஒன்றரை மில்லி விநாடி செய்யும் வேலையைப் பாருங்கள்.

1. பாயம் 5ஆவது மில்லி விநாடியில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. ஆனால் வளையத்தின் மின்னோட்டம் அப்போது திசை மாறவில்லை. 6.5 வரை எதிர்த்திசையிலேயே ஓடுகிறது. ஆகவே தள்ளல் 6.5 மில்லி விநாடி நீடிக்கிறது.

2. 6.5இல் மின்னோட்டம் திரும்புகிறது. இழுப்பு தொடங்குகிறது. ஆனால் 10இல் சுருளின் மின்னோட்டமே திசை மாறிவிடும். இழுப்புக்குக் கிடைத்தது 3.5 மில்லி விநாடி மட்டும்.

3. நேரம் மட்டும் வித்தியாசம் இல்லை. பாயம் உச்சத்தில் இருக்கும் கணம் இப்போது தள்ளலின் பங்குக்குள் வந்துவிட்டது. இழுப்புக்குக் கிடைப்பதோ பாயம் தேய்ந்துகொண்டிருக்கும் வால்பகுதி. இந்த வளையத்தில் தள்ளலின் உச்ச வலு, இழுப்பின் உச்ச வலுவைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

இழுப்பு இல்லாமல் போகவில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை வந்துகொண்டுதான் இருக்கிறது. தள்ளலிடம் தோற்றுப்போகிறது, அவ்வளவே. வளையத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மின்சாரம் போட்டால் விரல்களில் ஒரு ரீங்காரம் தெரியும். அது 50 ஹெர்ட்ஸ் அன்று, 100 ஹெர்ட்ஸ். சுழற்சிக்கு இரண்டு தள்ளல், இரண்டு இழுப்பு வருவதன் அடையாளம் அது.

மின்னோட்டம் எவ்வளவு, துள்ளல் எவ்வளவு

தண்டின் குறுக்குப் பரப்பு 7 சதுர செ.மீ., வளையம் இருக்கும் இடத்தில் தண்டுக்குள் உச்சக் காந்தப்புலம் 0.2 டெஸ்லா என்று கொள்வோம். வளையத்தில் தூண்டப்படும் உச்ச வோல்டேஜ் 0.044 மட்டும். டார்ச் செல்லில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எதிர்ப்பும் மிகச் சிறியது என்பதால் மின்னோட்டம் உச்சத்தில் சுமார் 330 ஆம்பியர் வரை போகும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி எடுப்பது நாலைந்து ஆம்பியர். பத்து கிராம் அலுமினியத் துண்டு ஒன்றில் முந்நூறுக்கு மேல் ஓடுகிறது என்பது முதலில் நம்ப முடியாததாகத் தோன்றும். பிடித்து வைத்தால் வளையம் சூடேறுவதே அதற்குச் சாட்சி: இந்தக் கணக்குப்படி ஒரு நிமிடத்தில் 40 டிகிரி வரை ஏறும்.

இனி விசை. இங்கே விளக்கங்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒரு செய்தி உண்டு. வளையத்தின் ஓட்டை வழியாக நேராக மேலே போகும் புலம் மின்னோட்டத்தைத் தூண்டுகிறதே தவிர, அந்த மின்னோட்டத்தை மேலே தள்ள அதனால் முடியாது. நேர்ப்புலம் வளையத்தை வெளிப்பக்கமாக விரிக்கவோ உட்பக்கமாக நெருக்கவோ மட்டுமே பார்க்கும். மேல்நோக்கித் தள்ளுவது, தண்டின் பக்கவாட்டில் கசிந்து வெளியேறி வளையத்தைக் குறுக்காக வெட்டிச் செல்லும் புலம். தண்டு சுருளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். நீட்டிய பகுதி நெடுகிலும் இந்தக் கசிவு நடக்கிறது. வளையம் ஏறிப்போகும் வழி முழுவதும் தள்ளல் கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பக்கவாட்டுப் புலத்தின் உச்சம் 0.05 டெஸ்லா என்று கொண்டால், தள்ளலில் இருந்து இழுப்பைக் கழித்த சராசரி விசை 0.46 நியூட்டன் வருகிறது. வளையத்தின் எடை 0.1 நியூட்டன். எடையைக் கழித்த பிறகு 10 கிராமுக்கு 0.36 நியூட்டன் மிச்சம். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேலான முடுக்கம்.

வழியெங்கும் விசை இதே அளவில் இருப்பதாக எளிமைக்காக வைத்துக்கொண்டால், நீட்டிய 10 செ.மீ. தண்டைக் கடக்க ஆகும் நேரம் 75 மில்லி விநாடி. ஏறக்குறைய நான்கு முழுச் சுழற்சிகள். கண்ணுக்கு ஒரே வெட்டாகத் தெரியும் அந்தத் துள்ளல் உண்மையில் ஏழெட்டுத் தள்ளல்களும் அவற்றுக்கிடையே அதே எண்ணிக்கையில் மெலிந்த இழுப்புகளும் சேர்ந்தது. தண்டின் முனையை விடும்போது வேகம் நொடிக்கு 2.7 மீட்டர். அதற்கு மேல் முப்பத்தைந்து செ.மீ. உயரம் எழும்பும். நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசிக் கேமரா இருந்தால் இதைச் சோதித்துக்கொள்ளலாம்: வளையம் ஒரே படத்தில் மறைந்துவிடாது, தண்டின் மேல் பதினெட்டுப் படங்கள் வரை ஏறிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

மின்தடையைக் குறைத்தால்

இந்த விளக்கம் சரியா என்பதற்கு நல்ல சோதனை, மின்தடையை மட்டும் மாற்றிப் பார்ப்பது. மின்தடையை R என்றும் மின்மறுப்பை X என்றும் வைத்தால், சராசரி விசை இந்த அளவுக்கு ஏற்ப அமையும்:

X / (R² + X²)

நம் வளையத்துக்கு R 0.12, X 0.06. கணக்கிட்டால் 3.33. இனி ஒவ்வொன்றாக மாற்றலாம்.

ஒரு வெட்டு. வளையத்தில் ஹாக்ஸா பிளேடால் ஒரு கோடு அறுத்துவிட்டால் சுற்று முறிந்தது. மின்னியக்கு விசை இருக்கும், மின்னோட்டம் ஓடாது. வளையம் அசையவே அசையாது. எடையும் வடிவமும் மாறாமல் மின்னோட்டத்தை மட்டும் நீக்கிக் காட்டும் சோதனை என்பதால், கண்காட்சியில் இதை முதலில் காட்டுவது நல்லது.

ஐஸ். மதுரையின் 38 டிகிரி மதியத்தில் வளையத்தை ஐஸ் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுத்துத் துடைத்து மாட்டினால், மின்தடை சுமார் 14 சதவீதம் குறைந்திருக்கும். விசை கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே கூடும். பக்கத்தில் அளவுகோல் ஒன்றை நிறுத்தி வைத்தால் உயர வித்தியாசம் தெரியும்.

திரவ நைட்ரஜன். கால்நடை மருத்துவ நிலையங்களில் உறைவிந்துக் குச்சிகளைப் பாதுகாக்கும் கலன்களில் இருப்பது இதுவே. வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. இதில் குளிர்ந்த வளையத்தின் மின்தடை, கலப்பு உலோகத்தின் தன்மைக்கு ஏற்ப, பல மடங்கு குறையும். நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது என்று கொண்டால் R 0.03 ஆகிறது. விசை 3.33இல் இருந்து 13.3க்கு, சரியாக நான்கு மடங்காகக் கூடுகிறது. கட்ட வேறுபாடும் 27இல் இருந்து 63 டிகிரிக்குப் போகிறது. தள்ளல் 8.5 மில்லி விநாடி, இழுப்பு 1.5 மட்டும். வகுப்பறைக் கூரையைத் தட்டும் துள்ளலை இப்படித்தான் காட்டுகிறார்கள். இதைத் தயாரிப்பவர் பயிற்சி பெற்ற பெரியவராக இருக்க வேண்டும், மாணவர் கையில் திரவ நைட்ரஜன் கூடாது.

இரண்டு வளையம். ஒரே அளவிலான இரண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினால் எடை இரட்டிப்பாகிறதே, துள்ளல் குறையும் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டிலும் மின்னோட்டம் ஒரே திசையில் ஓடுவதால் அவை ஒட்டிக்கொண்டு ஒரே தடித்த வளையமாக நடந்துகொள்ளும். மின்தடை பாதியாகிறது, மின்மறுப்பு அதிகம் மாறுவதில்லை. விசை இரண்டரை மடங்கு, எடை இரண்டு மடங்கு. துள்ளல் கூடுகிறது. இதே காரணத்தால்தான் சாப்பாடு பொதியும் மெல்லிய அலுமினியத் தாளில் ஒரு சுற்று சுற்றிச் செய்த வளையம், எடையே இல்லாததுபோல் இருந்தும் எழும்புவதில்லை. அதன் மின்தடை மிக அதிகம், பின்தங்கல் ஏறக்குறைய இல்லை, தள்ளலும் இழுப்பும் சமமாகி அடித்துப்போகின்றன.

செம்பு. அலுமினியத்தைவிட நல்ல கடத்தி ஆயிற்றே, அது இன்னும் உயரம் போகாதா? அதே அளவுச் செம்பு வளையத்தின் மேல் விசை இரண்டு மடங்குதான், எடையோ மூன்று மடங்குக்கும் அதிகம். ஆகவே உயரத்தில் அலுமினியமே வெல்லும். இரும்பு வளையமோ தானே காந்தமாகித் தண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

அரங்கில் வளையம் சோம்பினால் எங்கே பார்ப்பது

வீட்டில் நன்றாகத் துள்ளிய வளையம் கண்காட்சி அரங்கில் அரைகுறையாக எழும்புவது அடிக்கடி நடக்கிறது. முதலில் வோல்டேஜைப் பாருங்கள். விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். சுற்றுவட்டாரத்தில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் 230க்குப் பதில் 190 வந்தால், விசையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

அடுத்து வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். வரும் ஒவ்வொருவருக்கும் காட்டிக் காட்டி அது சூடாகியிருக்கும். நூறு டிகிரி கூடுதலாகச் சூடேறிய வளையத்தில் விசை அறுபது சதவீதத்துக்கு இறங்கிவிடும். இரண்டு மூன்று வளையங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது.

மூன்றாவது, தண்டு. ஒரே பாளமான இரும்புக் கம்பியைச் செருகியிருந்தால், அந்தக் கம்பிக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்கள் ஓடிப் பாயத்தைக் குறைக்கும், தண்டையும் கொதிக்க வைக்கும். சில நொடிகளிலேயே தண்டு சுடுகிறது என்றால் கம்பிக் கட்டுக்கோ தகடு அடுக்குக்கோ மாறுங்கள்.

சுருளுக்குப் பாதுகாப்பு அவசியம். அதன் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது பெரும்பாலும் இரும்புத் தண்டால் கிடைக்கும் தன்மின்தூண்டல்தான். தண்டை உருவி எடுத்துவிட்டு மின்சாரம் போட்டால் மின்னோட்டம் பல மடங்கு எகிறிச் சில நொடிகளில் சுருள் புகையும். வளையத்தைக் கையால் அழுத்திப் பிடித்தாலும் சுருள் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் எடுக்கும். அழுத்தியிருக்கும் வரை மட்டும் இணைக்கும் பொத்தான், தகுந்த பியூஸ், 230 வோல்ட் இணைப்புகள் வெளியே தெரியாத மூடிய பெட்டி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். குனிந்து தண்டின் மேல் முகத்தை நீட்டிப் பார்க்கும் சிறுவர்களைப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே விலக்கி நிறுத்துங்கள். குளிரூட்டிய வளையமானால் இரண்டு அடி தள்ளி.